குறிவரைவுக்கு மாற்று உரை: ஒரு போக்கு, ஒரு முக்கிய எண்



பயிற்றித் தாளிலோ இணையப் பாடத்திலோ ஒரு குறிவரைவைச் சேர்க்கிறோம். கண் பார்வை உள்ள மாணவர் அதைப் பார்த்துக்கொள்வார். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் அதே கோப்பைத் திரைவாசிப்பான் மூலம் கேட்கிறார். திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ள எழுத்துகளைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள். விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள டாக்பேக் ஆகியவை அந்த வகை. எழுத்தைப் படிக்கும் அந்தக் குரல், படம் வந்ததும் நாம் அதற்கு எழுதி வைத்த மாற்று உரையைத்தான் படிக்கும். நாம் எதுவும் எழுதவில்லை என்றால் “படம்” என்று மட்டும் சொல்லும், அல்லது கோப்பின் பெயரைப் படிக்கும். `graf_hujan_final2.png` என்று காதில் விழுந்தால் மாணவருக்கு என்ன புரியும்?

பூனைப் படத்துக்கு “சன்னலோரம் தூங்கும் பூனை” என்று எழுதிவிடலாம். குறிவரைவு அவ்வளவு எளிதில்லை. அதில் இரண்டு அச்சுகள், பன்னிரண்டு பட்டைகள், அவற்றின் மேல் ஒரு கோடு எல்லாம் இருக்கும். அத்தனையும் சொன்னால் மாணவர் எண்களில் மூழ்கிப்போவார். எதுவும் சொல்லாவிட்டால் பாடமே அவருக்குப் போய்ச்சேராது. நடுவில் ஒரு வழி இருக்கிறது: குறிவரைவு காட்டும் போக்கை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அந்தப் போக்கைத் தாங்கி நிற்கும் ஒரு முக்கிய எண்ணைச் சேர்ப்பது. மற்ற எண்கள் எல்லாம் கீழே ஓர் அட்டவணையில் இருக்கட்டும். இதை நமக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு தரவை வைத்துச் செய்து பார்ப்போம்.

நம் வட்டாரத்து மழை

கெலுகோரிலிருந்து தெற்கே விமான நிலையம் போகும் பாதையில் பாயான் லெப்பாஸ் வருகிறது. பினாங்கின் காலநிலைக்குப் புவியியல் பாடத்தில் நாம் எடுத்துக்காட்டும் எண்கள் பெரும்பாலும் அங்குள்ள வானிலை நிலையத்தில் பதிவானவையே. 1971 முதல் 2000 வரையிலான 30 ஆண்டுகளின் சராசரி மாத மழையளவு இது:

| மாதம் | மழை (மில்லிமீட்டர்) |
|---|---|
| ஜனவரி | 68.7 |
| பிப்ரவரி | 71.7 |
| மார்ச் | 146.4 |
| ஏப்ரல் | 220.5 |
| மே | 203.4 |
| ஜூன் | 178.0 |
| ஜூலை | 192.1 |
| ஆகஸ்ட் | 242.4 |
| செப்டம்பர் | 356.1 |
| அக்டோபர் | 383.0 |
| நவம்பர் | 231.8 |
| டிசம்பர் | 113.5 |

மொத்தம் 2,407.6 மில்லிமீட்டர். மாத சராசரி வெப்பநிலையோ ஆண்டு முழுவதும் 27 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது.

புவியியல் பாடநூல்களில் இதை ஒரே படத்தில் வரைவார்கள். மழைக்குப் பன்னிரண்டு பட்டைகள், இடப்பக்க அச்சு. வெப்பநிலைக்கு ஒரு கோடு, வலப்பக்க அச்சு. இதைத்தான் காலநிலைக் குறிவரைவு என்கிறோம். இரண்டு அளவைகள் ஒரே படத்தில் இருப்பதால் இது சிக்கலான குறிவரைவு. இதற்கு மாற்று உரை எழுதுவதுதான் இப்போது நம் வேலை.

முதலில் ஒரு கேள்வி: இந்தப் படம் இங்கே ஏன்?

பேனாவை எடுக்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே குறிவரைவு வெவ்வேறு பாடத்தில் வெவ்வேறு வேலை செய்யும். பருவமழை பற்றிய பாடத்தில் இந்தப் படம் வந்தால், மழை எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதே செய்தி. நிலநடுக்கோட்டுக் காலநிலையில் வெப்பம் மாறாமல் இருப்பதைக் காட்ட இதே படத்தைப் போட்டிருந்தால், அந்தத் தட்டையான கோடுதான் செய்தி. முக்கிய எண் 27 ஆகிவிடும். மழை பின்னால் போய்விடும்.

ஆகவே “இந்தப் படத்துக்குச் சரியான மாற்று உரை எது?” என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. “இந்தப் பாடத்தில் வரும் இந்தப் படத்துக்கு” என்று கேட்டால்தான் பதில் வரும். வேறொருவர் எழுதிய மாற்று உரையோடு படத்தை அப்படியே எடுத்து ஒட்டுவதில் உள்ள சிக்கலும் இதுவே. நாம் பருவமழைப் பாடத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

போக்கை எண்களில் தேடுங்கள்

படத்தைப் பார்த்த வேகத்தில் போக்கை எழுதினால் தவறிவிட வாய்ப்பு அதிகம். “ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை மழை தொடர்ந்து அதிகரிக்கிறது” என்று எழுதத் தோன்றும். பட்டைகள் மேலோட்டமாக அப்படித்தான் தெரியும். எண்களைப் பாருங்கள்: ஏப்ரலில் 220.5. மே மாதம் 203.4. ஜூனில் 178. அதாவது ஏப்ரலுக்குப் பிறகு மழை இரண்டு மாதம் குறைகிறது. ஜூலையில்தான் மறுபடி ஏறத் தொடங்குகிறது. “தொடர்ந்து” என்ற ஒரு சொல் இந்த வாக்கியத்தைப் பொய்யாக்கிவிட்டது.

இன்னொன்று, “ஆண்டு இறுதியில் மழை அதிகம்.” இதுவும் கேட்க நன்றாக இருக்கிறது. டிசம்பரைப் பாருங்கள், 113.5 தான். மார்ச் மாதத்தைவிடக் குறைவு. வடகிழக்குப் பருவக்காற்று என்றாலே மழை என்று மனத்தில் பதிந்திருப்பதால் வரும் பிழை இது. அந்தக் காற்று கிளந்தான், திரங்கானு பக்கம் பெருமழையைக் கொட்டுகிறது. தீபகற்பத்தின் நடுவே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் மறைப்பதால் பினாங்குக்கு வரும்போது அதன் ஈரம் பெரிதும் குறைந்துவிடுகிறது. நமக்குக் கனமழை கிடைப்பது அதற்கு முன்னால், பருவக்காற்று மாறும் காலத்தை ஒட்டி. படத்தை விட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதினால் கிழக்குக் கரையின் மழையைப் பினாங்குக்கு எழுதிவிடுவோம்.

சரியான போக்கு என்ன? மழை ஆண்டில் இரண்டு முறை உச்சம் தொடுகிறது. ஏப்ரலில் ஒரு சிறிய உச்சம். அக்டோபரில் ஒரு பெரிய உச்சம். ஆண்டின் தொடக்கம் வறண்ட காலம். இந்த மூன்றும்தான் இந்தக் குறிவரைவின் வடிவம்.

போக்கை எழுதும்போது மூன்று சொற்களை மட்டும் இருமுறை சரிபாருங்கள்: “தொடர்ந்து”, “எப்போதும்”, “இரு மடங்கு”. இவை எழுத எளிது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. அட்டவணையில் ஒவ்வோர் எண்ணையும் முந்திய எண்ணோடு ஒப்பிட்ட பிறகே “தொடர்ந்து” எழுதலாம்.

இந்த அட்டவணை இன்னொரு எல்லையையும் நினைவூட்டுகிறது. இது 30 ஆண்டுகளின் சராசரி. பன்னிரண்டு மாதங்களுக்கு இடையில் உள்ள வேறுபாட்டை மட்டும் இது காட்டும். “பினாங்கில் மழை அதிகரித்து வருகிறது” என்று இதை வைத்து எழுத முடியாது. ஆண்டுக்கு ஆண்டு என்ன நடந்தது என்ற தகவல் இதற்குள் இல்லை. அதனால்தான் மாற்று உரையில் “சராசரி” என்ற சொல் அவசியம்.

முக்கிய எண் எது?

இப்போது ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கையில் நான்கு எண்கள் இருக்கின்றன. ஆண்டு மொத்தம் 2,407.6. மிகக் குறைந்த மாதம் 68.7. மிகக் கூடிய மாதம் 383. செப்டம்பரும் அக்டோபரும் சேர்ந்து 739.1, அதாவது ஆண்டு மழையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு.

எதை எடுப்பது? ஓர் எளிய சோதனை உண்டு. அந்த எண்ணை எடுத்துவிட்டால் போக்கு வாக்கியம் வெறுமையாகிறதா என்று பாருங்கள். “அக்டோபரில் பெரிய உச்சம்” என்று மட்டும் சொன்னால், எவ்வளவு பெரியது என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் 383. ஆண்டு மொத்தம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அது வேறொரு செய்தி. ஆகவே 383 தான் முக்கிய எண்.

எல்லாக் குறிவரைவிலும் உச்சம்தான் முக்கிய எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றில் உள்ள கரியமிலவாயுவை அளந்து வருகிறார்கள். அந்தக் கோடு ஒவ்வோர் ஆண்டும் சிறிது ஏறி இறங்கி, ரம்பத்தின் பல் போல இருக்கும். ஆனால் மொத்தத்தில் மேலேதான் போகிறது. அங்கே ஒரு உச்சத்தைச் சொல்வதில் பொருளில்லை. தொடக்கமும் முடிவும்தான் தேவை: ஆண்டுச் சராசரி 1959இல் பத்து லட்சத்துக்கு 316 பங்கு, 2023இல் 421 பங்கு. போக்கு ஏறுமுகம் என்றால் இரு முனைகளும் சேர்ந்தே முக்கிய எண்ணாகின்றன. போக்கு உச்சம் என்றால் உச்சத்தின் அளவு. போக்கு “மாற்றம் இல்லை” என்றால் அந்த மாறாத அளவு. எண்ணைப் போக்குதான் தீர்மானிக்கிறது.

எழுதிப் பார்ப்போம்

இதோ நான்கு முயற்சிகள். எங்கே பிசகுகிறது என்று நீங்களும் பாருங்கள்.

முதல் முயற்சி: “பாயான் லெப்பாஸ் காலநிலைக் குறிவரைவு.”

இது தலைப்பு. படத்துக்கு மேலேயே இது அச்சாகியிருக்கும். மாணவர் ஒரே செய்தியை இருமுறை கேட்பார், புதிதாக ஒன்றும் கிடைக்காது.

இரண்டாம் முயற்சி: “நீல நிறப் பட்டைகள் ஏறி இறங்குகின்றன. சிவப்புக் கோடு நடுவில் பட்டைகளை வெட்டிச் செல்கிறது.”

இது ஓவியத்தைச் சொல்கிறது, தரவைச் சொல்லவில்லை. அதோடு அந்தக் கோடு பட்டைகளை வெட்டுவதற்கு எந்தப் பொருளும் கிடையாது. இடப்பக்க அச்சு மில்லிமீட்டர், வலப்பக்க அச்சு டிகிரி. வலப்பக்க அச்சின் அளவை மாற்றினால் கோடு வேறு இடத்துக்குப் போய்விடும். அந்த அச்சை 26 டிகிரியில் தொடங்கினால் இந்தத் தட்டையான கோடே மலைபோல் ஏறி இறங்குவதாகத் தெரியும். படம் எப்படித் தெரிகிறது என்று எழுதினால் இந்த மாயையும் சேர்ந்து எழுதப்பட்டுவிடும்.

மூன்றாம் முயற்சி: “ஜனவரி 68.7, பிப்ரவரி 71.7, மார்ச் 146.4, ஏப்ரல் 220.5…” என்று டிசம்பர் வரை, பிறகு பன்னிரண்டு வெப்பநிலைகள்.

நேர்மையான முயற்சிதான், எதையும் மறைக்கவில்லை. சிக்கல் கேட்பவருக்கு. மாற்று உரையைத் திரைவாசிப்பான் ஒரே மூச்சில் படித்து முடிக்கும். ஆகஸ்ட் எவ்வளவு என்று மறுபடி கேட்க வேண்டுமானால் அந்த நீண்ட வரிசைக்குள் தேட வேண்டும். 24 எண்களைக் கேட்டு மனத்தில் வடிவம் உருவாக்குவது யாருக்கும் கடினம். அதே எண்கள் அட்டவணையில் இருந்தால் நிலைமை வேறு. என்விடிஏ பயன்படுத்தும் மாணவர் `Ctrl+Alt` விசைகளோடு அம்புக்குறியை அழுத்தி, கட்டம் கட்டமாக நகர்ந்து, வேண்டிய மாதத்தை மட்டும் கேட்கலாம். ஆகவே எண்களின் இடம் அட்டவணை. வடிவத்தின் இடம் மாற்று உரை.

நான்காம் முயற்சி:

“பாயான் லெப்பாஸ் காலநிலைக் குறிவரைவு, 30 ஆண்டுச் சராசரி. மழை ஆண்டில் இருமுறை உச்சம் தொடுகிறது: ஏப்ரலில் சிறியது, அக்டோபரில் பெரியது, 383 மில்லிமீட்டர். வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. எண்கள் கீழே அட்டவணையில்.”

இது போதும். என்ன வகைப் படம், எதைப் பற்றியது, போக்கு என்ன, அதன் முக்கிய எண் என்ன, மிச்சம் எங்கே கிடைக்கும் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ஜனவரியின் வறட்சியும் வேண்டும் என்று உங்கள் பாடம் கேட்டால் “ஜனவரியில் மிகக் குறைவு” என்று மூன்று சொல் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

காதுக்கு எழுதும்போது

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் சில எழுத்துகள் குரலில் தடுமாறும். “மி.மீ.” என்று எழுதினால் குரல் “மி”, “மீ” என்று இரண்டு எழுத்தாகப் படிக்கலாம், நடுவில் புள்ளிக்காக நின்றும் போகலாம். “மில்லிமீட்டர்” என்று முழுதாக எழுதுங்கள். “1971–2000” என்ற சிறுகோட்டுக்குப் பதிலாக “1971 முதல் 2000 வரை” என்று எழுதுங்கள். “படம்:” என்று தொடங்க வேண்டாம், திரைவாசிப்பான் அதைத் தானே சொல்லிவிடும். தசமத்தையும் தேவை இருந்தால் மட்டும் வையுங்கள். அட்டவணையில் 68.7 இருக்கட்டும், மாற்று உரையில் “சுமார் 69” போதும்.

நீளத்துக்கு “125 எழுத்துக்குள்” என்ற அறிவுரையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இணைய அணுகல் நெறிகளான டபிள்யூ.சி.ஏ.ஜி.யில் அப்படி ஓர் எண் வரம்பு இல்லை. தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தவும் பொருந்தாது. “தமிழ்” என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆங்கிலத்துக்குச் சொன்ன எண்ணைத் தமிழில் வைத்தால் பாதி வாக்கியத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். எழுத்தை எண்ணுவதைவிட வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மூச்சில் முடிந்தால் சரி. நடுவில் உங்களுக்கே தொடக்கம் மறந்துபோனால் நீளம் அதிகம்.

குரல் தமிழில் வர வேண்டுமானால், உரை தமிழ் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். இணையப் பக்கத்தில் `lang="ta"` என்ற குறிப்பு அந்த வேலையைச் செய்யும்:

```html
<img src="mazhai.png" lang="ta"
     alt="பாயான் லெப்பாஸ் காலநிலைக் குறிவரைவு…">
```

மைக்ரோசாப்ட் வேர்ட் பயன்படுத்துவோர் படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து, உங்கள் பதிப்பில் உள்ளபடி `Edit Alt Text` அல்லது `View Alt Text` என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுதும் பெட்டி வரும். கூகுள் டாக்ஸில் படத்தைத் தேர்ந்தெடுத்து `Ctrl+Alt+Y` அழுத்துங்கள். வேர்ட் பெட்டியில் `Mark as decorative` என்று ஒரு கட்டம் இருக்கும். அது பூங்கொத்து, ஓரக்கோடு போன்ற அலங்காரத்துக்கு. குறிவரைவுக்கு அதைத் தெரிவு செய்தால் திரைவாசிப்பான் படத்தையே தாண்டிப் போய்விடும்.

எழுதியது வழியில் தொலைந்துபோகும் இடங்களும் உண்டு. வேர்ட் கோப்பைப் பிடிஎப் ஆக்கும்போது அச்சிடும் வழியில் போனால் மாற்று உரை உடன் வராது. `Save As` வழியாகப் போய், `Options` பகுதியில் `Document structure tags for accessibility` தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாலும் அவ்வளவுதான், எழுதியது எல்லாம் போய்விடும். அப்படி அனுப்பும்போது மாற்று உரையை நகலெடுத்துப் படத்துக்குக் கீழே செய்தியாகவே ஒட்டிவிடுங்கள்.

தேர்வுத்தாளில் மட்டும் விதி வேறு

இதுவரை சொன்னது பாடக்குறிப்புக்கு. அதையே கேள்வித்தாளில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேள்வி இது: “மிக அதிக மழை பெறும் மாதம் எது? மழையின் போக்கை விளக்குக.” நம் மாற்று உரை இரண்டுக்கும் விடை சொல்லிவிடுகிறது! மற்ற மாணவர்கள் பட்டைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதை ஒருவருக்கு மட்டும் கையில் கொடுத்ததாகும். அவருக்கும் அது நியாயமில்லை, அவருடைய திறனை நாம் சோதிக்கவே இல்லையே.

மறுபக்கம், “ஒரு குறிவரைவு” என்று மட்டும் எழுதினால் அவரால் விடையே எழுத முடியாது. டபிள்யூ.சி.ஏ.ஜி. இந்த நிலையை எதிர்பார்த்திருக்கிறது. உரையாகச் சொன்னால் சோதனையே செல்லாமல் போகும் என்றால், அந்தப் படம் என்ன என்று அடையாளம் காட்டும் விளக்கமாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கேள்வித்தாளுக்கு இப்படி எழுதலாம்:

“பாயான் லெப்பாஸின் மாத சராசரி மழையைப் பட்டைகளாகவும் வெப்பநிலையைக் கோடாகவும் காட்டும் குறிவரைவு. மழை மில்லிமீட்டரில், வெப்பநிலை டிகிரி செல்சியஸில். எண்கள் கீழே அட்டவணையில்.”

போக்கும் இல்லை, உச்சமும் இல்லை. தரவு மட்டும் முழுதாக இருக்கிறது. மாணவர் அட்டவணையில் நகர்ந்து, தானே ஒப்பிட்டு, தானே போக்கைக் கண்டுபிடிப்பார். எண்களைக் கேட்டு ஒப்பிடக் கண்ணால் பார்ப்பதைவிட நேரம் கூடுதலாகும். பள்ளி அளவிலான சோதனையில் அந்தக் கூடுதல் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. “குறிவரைவிலிருந்து மதிப்பை அளந்து படிக்க” என்பது கேள்வியானால் அட்டவணை அந்தத் திறனைச் சோதிக்காது, எண் நேராகவே கிடைத்துவிடும். அங்கே விரலால் தடவி உணரும் மேடுவரைபடம்தான் தேவை. மாற்று உரை அந்த வேலையைச் செய்யாது.

காதால் ஒரு சோதனை

எழுதியது சரியா என்று தெரிந்துகொள்ள, படத்தைப் பார்க்காத ஒரு சக ஆசிரியரைத் தொலைபேசியில் அழையுங்கள். மாற்று உரையை ஒரே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். பிறகு கேட்டதை வைத்து ஒரு தாளில் கோடு போடச் சொல்லுங்கள். எண் எதுவும் போட வேண்டாம், வடிவம் மட்டும்.

நம் நான்காம் முயற்சியைக் கேட்டவர் இரண்டு மேடுகள் வரைய வேண்டும். இரண்டாவது மேடு உயரமாக, வலப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். வெப்பநிலைக்குத் தட்டையான கோடு. அப்படி வரைந்தால் உங்கள் வாக்கியம் வேலை செய்கிறது. ஒரே ஏற்றமாக வரைந்தால் “இருமுறை” என்ற சொல் அவர் காதில் தங்கவில்லை. வாக்கியத்தில் அதை முன்னால் கொண்டுவாருங்கள். “ஏதோ மழை பற்றி, நிறைய எண்” என்று சொன்னால் எண்களைக் குறையுங்கள். கடைசியாக, “உச்சம் எவ்வளவு?” என்று கேளுங்கள். 383 என்று வந்தால் முக்கிய எண்ணும் போய்ச்சேர்ந்தது.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, இது ஆசிரியர் வேலை மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். “குறிவரைவு காட்டும் போக்கை விளக்குக” என்ற கேள்விக்குப் பலர் ஜனவரி தொடங்கி ஒவ்வொரு மாதமாக எழுதிக்கொண்டே போகிறார்கள். அது மேலே பார்த்த மூன்றாம் முயற்சிதான். எண்களைத் திரும்ப எழுதினால் விளக்கம் ஆகாது.

விடையின் முதல் வாக்கியத்தைக் கண் தெரியாத நண்பருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள்: போக்கும் அதன் முக்கிய எண்ணும். “பாயான் லெப்பாஸில் மழை ஆண்டில் இருமுறை உச்சம் தொடுகிறது, அக்டோபரின் 383 மில்லிமீட்டரே மிகப் பெரியது.” இரண்டாவது வாக்கியத்தில் எதிர்முனையைக் காட்டுங்கள்: “ஜனவரியில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, 68.7 தான்.” மூன்றாவது வாக்கியத்தில் காரணத்துக்குப் போகலாம்: பருவக்காற்று மாறும் காலம், மலைத்தொடரின் மறைப்பு. மூன்று வாக்கியத்தில் விடையின் எலும்புக்கூடு நின்றுவிடும்.

பயிற்சிக்கு ஒன்று. மேலே உள்ள அட்டவணையை வைத்துக்கொண்டு, வெப்பநிலை பற்றிய பாடத்தில் இதே குறிவரைவு வந்தால் என்ன மாற்று உரை எழுதுவீர்கள் என்று முயலுங்கள். முக்கிய எண் மாற வேண்டும், மழை ஒரு சிறு குறிப்பாகச் சுருங்க வேண்டும். எழுதியதை அடுத்த மேசையில் இருப்பவருக்கு ஒருமுறை படித்துக் காட்டி, வரையச் சொல்லுங்கள். அவர் தாளில் தட்டையான கோடு வந்தால் நீங்கள் எழுதியது சரி.